20 உயரம், 7 ஆரம்: பிறந்தநாள் தொப்பிக்கு சார்ட்டை எப்படி வெட்டுவது

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு 12 கூம்புத் தொப்பி செய்ய வேண்டும். உயரம் 20 செ.மீ., அடியில் ஆரம் 7 செ.மீ. என்று முடிவு செய்திருக்கிறேன். 20 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் வெட்டிச் சுருட்டிப் பார்த்தேன். குட்டையாக, அகலமாக வந்துவிட்டது. சரியான அளவு என்ன, எப்படி வெட்டுவது?

பதில்:

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். சார்ட்டில் 21.2 செ.மீ. ஆரம், 119 டிகிரி கோணம் உள்ள ஒரு விசிறித் துண்டு வேண்டும். அதோடு ஒரு பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒன்றரை செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை. பள்ளிப் புத்தகத்தில் இந்த விசிறிக்கு வட்டக்கோணப்பகுதி என்று பெயர். நான் விசிறி என்றே சொல்கிறேன், படிக்க எளிது.

உங்கள் அரைவட்டம் ஏன் ஏமாற்றியது என்று பார்த்தால் இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்பது புரிந்துவிடும். அதில் இரண்டு தவறுகள் சேர்ந்துவிட்டன.

ஒன்று, 20 என்ற உயரத்தைக் காகிதத்தின் ஆரமாக எடுத்துக்கொண்டது. தொப்பியின் உயரம் என்பது உள்ளே நடுவில் ஒரு குச்சியை நட்டால் அடியிலிருந்து கூர்முனை வரை வரும் நீளம். அந்த இடத்தில் காகிதமே கிடையாது, வெறும் காற்றுதான். காகிதம் இருப்பது சரிவில். சுவரில் சாய்த்த ஏணி, அது தொடும் சுவரின் உயரத்தைவிட நீளமாகத்தானே இருக்கும்? அதே மாதிரி கூர்முனையிலிருந்து விளிம்பு வரை சரிவில் அளந்தால் 20-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். அதுதான் சாயுயரம். காகிதத்தை விரித்துப் போட்டால் விசிறியின் ஆரமாக ஆவது இந்தச் சாயுயரம்தான்.

இதைக் கண்டுபிடிக்க வர்க்கமூலம் போட வேண்டும் என்பதில்லை. சார்ட்டின் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலை ஏற்கனவே செங்கோணம். அங்கிருந்து ஒரு ஓரத்தில் 20 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, இன்னொரு ஓரத்தில் 7 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அடிக்கோலை வைத்து அளந்தால் 21.2 வரும். கணக்காகப் போட்டாலும் அதே விடைதான்: 20-இன் வர்க்கம் 400, 7-இன் வர்க்கம் 49, கூட்டினால் 449, அதன் வர்க்கமூலம் 21.19. ஓரத்தில் அளக்கும் முறைதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் தொப்பியைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் வடிவத்தின் சரிபாதி அப்போதே கண் முன்னால் வந்துவிடும். ரொம்ப ஒல்லியாக இருக்கிறதே என்று தோன்றினால் வெட்டுவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது தவறு அரைவட்டம். அரைவட்டத்தை எந்த அளவில் வெட்டிச் சுருட்டினாலும் தொப்பியின் அடி ஆரம் காகித ஆரத்தில் சரிபாதியாகத்தான் வரும். உங்களுக்கு 20-இல் பாதி 10 வந்திருக்கும். உயரம் 17.3-க்கு இறங்கியிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் சமபக்க முக்கோணம். சின்னதாக வெட்டினாலும் பெரியதாக வெட்டினாலும் அந்தச் சாயல் மாறாது. கால்வட்டம் என்றால் அடி ஆரம் காகித ஆரத்தில் கால்பங்கு. இதைக் கவனித்தால் கோணத்துக்கான கணக்கு தானாகவே வெளியே வந்துவிடுகிறது: காகித ஆரத்தில் அடி ஆரம் எத்தனை பங்கோ, முழுவட்டத்தில் அத்தனை பங்கு வெட்ட வேண்டும்.

காரணம் எளிது. சுருட்டும்போது விசிறியின் வளைந்த விளிம்புதான் தொப்பியின் வாயாக ஆகிறது. உங்களுக்கு 7 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு வேண்டும். கையில் இருப்பதோ 21.2 ஆரமுள்ள பெரிய வட்டம். ஒரு வட்டத்தின் சுற்றளவு ஆரத்தை ஒட்டியே கூடும், குறையும். எனவே பெரிய சுற்றளவில் 21.2-க்கு 7 பங்கு எடுத்தால் போதும். இரண்டு சுற்றளவிலும் வரும் π ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

கோணம் = 360 × அடி ஆரம் ÷ சாயுயரம் = 360 × 7 ÷ 21.2 = 119 டிகிரி

சரி, இனி வெட்டும் வேலை. கடையில் கிடைக்கும் முழு சார்ட் ஏறக்குறைய 70-க்கு 56 செ.மீ. இருக்கும். இந்த விசிறியை எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற மாதிரி, கூர்முனை மேலே, விளிம்பு கீழே என்று நடுவாக நிறுத்தி வரைந்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே 36.5 செ.மீ. அகலம் பிடிக்கும். 70-இல் பக்கம் பக்கமாக இரண்டு வைக்க இடம் போதாது. ஒரு சார்ட்டுக்கு மூன்றோடு நின்றுவிடும், 12 தொப்பிக்கு நாலு சார்ட் ஆகிவிடும். அதையே ஒரு பக்கம் சார்ட்டின் ஓரத்தோடு படுத்திருக்கும்படி சாய்த்து வைத்தால் அகலம் 31.5-ஆகக் குறைகிறது. அப்போது ஒரு சார்ட்டில் நாலு தொப்பி வரும், மூன்று சார்ட்டில் உங்கள் 12-ம் முடிந்துவிடும்.

எப்படி என்று இடத்தோடு சொல்கிறேன். சார்ட்டின் நீளப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். கீழ் ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளி, ஓரத்துக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். சரியாக ஓரத்திலேயே குண்டூசி குத்தினால் நழுவிவிடும், அதற்காகத்தான் இந்த அரை செ.மீ. அந்தக் கோட்டில் இடது முனையிலிருந்து 12 செ.மீ.யில் ஒரு புள்ளி, 46 செ.மீ.யில் ஒரு புள்ளி வையுங்கள். இவை இரண்டும் இரண்டு தொப்பிகளின் கூர்முனை. ஒவ்வொன்றிலிருந்தும் கோட்டில் வலப்பக்கமாக 21.2 செ.மீ. அளந்தால் விசிறியின் ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. அதே புள்ளியில் பாகைமானியை வைத்து வலப்பக்கத்திலிருந்து எண்ணி 119 டிகிரியில் ஒரு புள்ளி குறித்து, கோட்டை 21.2 வரை நீட்டினால் இன்னொரு பக்கம். அது இடப்பக்கமாகச் சாய்ந்து மேலே போகும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பாகைமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். தவறான வரிசையைப் பார்த்தால் 119-க்குப் பதில் 61 டிகிரியில் கோடு விழும். கோணம் செங்கோணத்தைவிட விரிந்திருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து விளிம்பு. பள்ளிக் கவராயம் 21 செ.மீ.க்கு விரியாது. நூலில் பென்சிலைக் கட்டி வரைவதைப் பலர் சொல்வார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். பென்சில் சாய்ந்தால் நீளம் மாறும், இழுக்கும் வேகத்தில் நூலும் கொஞ்சம் நீளும், கடைசியில் வளைவின் தொடக்கமும் முடிவும் வேறு வேறு தூரத்தில் வந்து நிற்கும். பழைய அட்டையில் விரல் அகலத்துக்கு 25 செ.மீ. நீளமான ஒரு பட்டையை வெட்டுங்கள். ஒரு முனைக்குப் பக்கத்தில் குண்டூசிக்கு ஒரு துளை, அங்கிருந்து 21.2 செ.மீ. தள்ளி பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை. சார்ட்டுக்கு அடியில் ஒரு தடித்த நோட்டையோ பழைய செய்தித்தாள் கட்டையோ வைத்து, கூர்முனையில் ஊசியைக் குத்தி, பட்டையைச் சுழற்றினால் வளைவு சுத்தமாக விழும். 12 தொப்பிக்கும் அதே பட்டைதான் என்பதால் எல்லாம் ஒரே அளவில் இருக்கும்.

வளைவு விழுந்ததும் தையற்காரர் டேப்பை விளிம்பின்மேல் செங்குத்தாக நிறுத்தி, வளைவோடு ஒட்டி அளந்து பாருங்கள். 44 செ.மீ. வர வேண்டும். இதுதான் 7 செ.மீ. ஆரத்துக்கான சுற்றளவு. கோணத்தில் ஒரு டிகிரி பிசகினால் இந்த நீளத்தில் 3.7 மி.மீ. மாறும், தொப்பியின் ஆரத்தில் அரை மி.மீ.யைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதனால் 42-க்கும் 46-க்கும் வெளியே போனால் மட்டும் கோணத்தைத் திரும்பப் பாருங்கள். பாகைமானியே வீட்டில் இல்லையென்றால் அதைத் தேடி ஓட வேண்டாம். முதலில் வளைவை நீளமாக வரைந்துவிட்டு, டேப்பால் 44 செ.மீ. அளந்து குறித்து, அந்தப் புள்ளியைக் கூர்முனையோடு சேர்த்தால் 119 டிகிரி தானாகக் கிடைத்துவிடும். எனக்கு இந்த வழிதான் நம்பிக்கையானது.

கீழ் ஓரத்தில் இரண்டும் வரைந்ததும் சார்ட்டை அரைச்சுற்று திருப்பி, எதிர் ஓரத்தில் இதே மாதிரி இன்னும் இரண்டு வரையுங்கள். நடுவில் 12 செ.மீ.க்கு மேல் ஒரு நீளப் பட்டை மிஞ்சும். உச்சிக் குஞ்சத்துக்கு அது உதவும்.

இப்போது ஒட்டும் பட்டை. தொப்பிகள் கெட்டுப்போவதை நான் அதிகம் பார்த்தது இங்கேதான். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் கோமாளி வேஷத்துக்கு இரண்டு டஜன் தொப்பி செய்தோம். விசிறிகளை எல்லாம் அளவாக வெட்டி முடித்த பிறகுதான் ஒட்ட இடம் விடவில்லை என்பது தெரிந்தது. ஒரு பக்கத்தை இன்னொன்றின் மேல் இரண்டு செ.மீ. ஏற்றி ஒட்டினோம். 44-இல் இரண்டு போய் 42. ஆரத்தில் 3 மி.மீ.தான் குறைவு, ஆனால் தொப்பிகள் ஒவ்வொன்றிலும் அந்த ஏற்றம் ஒவ்வொரு மாதிரி இருந்தது. மேலே நூலளவு, கீழே இரண்டு விரல் என்று சிலது. அந்தத் தொப்பிகளின் கூர்முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அதனால் 119 டிகிரிக்கு வெளியே, இடப்பக்கச் சாய்கோட்டுக்கு அப்பால், ஒன்றரை செ.மீ. இணையாகப் பட்டை விடுங்கள். மேலே சொன்ன 12, 46 என்ற இடங்களில் இந்தப் பட்டைக்கும் சேர்த்தே இடம் விட்டிருக்கிறேன். சாய்கோட்டை அழிக்காதீர்கள். ஒட்டும்போது மறுபக்கத்தின் ஓரம் அந்தக் கோட்டின்மேல் முனையிலிருந்து விளிம்பு வரை சரியாக உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் கூம்பு நேராகத்தான் நிற்கும்.

பட்டை கூர்முனை வரை முழு அகலத்தில் போகக் கூடாது. முனையிலிருந்து ஒரு செ.மீ. கீழே தொப்பியின் சுற்றளவே இரண்டு செ.மீ.தான். அங்கே ஒன்றரை செ.மீ. பட்டை ஏறக்குறைய முக்கால் சுற்று வந்துவிடும், காகிதம் மடங்கித் துருத்திக்கொள்ளும். முனையில் பூஜ்ஜியத்தில் தொடங்கி நாலு செ.மீ. கீழே வரும்போது ஒன்றரையைத் தொடும்படி சரித்து வெட்டுங்கள். உச்சியில் நூல் குஞ்சம் வைப்பதாக இருந்தால் கூர்முனையையே அரை செ.மீ. அளவுக்கு வளைத்து வெட்டிவிடலாம். உயரத்தில் அந்த அரை செ.மீ. குறையும், குஞ்சம் அதை மறைத்துவிடும்.

கத்தரியால் வளைவை வெட்டும்போது கத்தரியை அசைக்காமல் சார்ட்டைச் சுழற்றினால் விளிம்பில் பல் பல்லாக வராது.

வளைவாக வெட்டியே ஆக வேண்டுமா, நேராக வெட்டிவிட்டுப் பிறகு சரிசெய்ய முடியாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். கடலைப் பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள். அதன் காகிதத்துக்கு நேர் ஓரம்தான், அதனால்தான் வாயில் ஒரு மூலை எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கடைக்காரர் அதையே மடித்து மூடியாக்கிவிடுவார், அவருக்கு அது வசதி. தொப்பிக்கு விளிம்பின் ஒவ்வொரு புள்ளியும் உச்சியிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் அது மேசைமேல் ஆடாமல் உட்காரும். இந்த விசிறியின் இரண்டு முனைகளையும் நேர்கோட்டில் வெட்டினால் நடுவில் உச்சிக்கும் ஓரத்துக்கும் 10.8 செ.மீ.தான் இருக்கும். அதாவது நெற்றிப் பக்கம் தொப்பி பாதியோடு நின்றுவிடும், பின்னால் ஒட்டும் இடத்தில் இரண்டு கூர் வால் தொங்கும்.

சுருட்டுவதற்கு முன், சார்ட் தட்டையாக இருக்கும்போதே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று எலாஸ்டிக்குக்கான துளை. ஒட்டும் இடம் தலைக்குப் பின்னால் வரும். காதுக்கு நேராகத் துளை வர வேண்டுமானால் விளிம்பின் வழியே ஒரு பக்கத்திலிருந்து 11 செ.மீ., மறுபக்கத்திலிருந்து 11 செ.மீ. அளந்து, ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே குறியுங்கள். அந்த இடத்தில் உட்பக்கம் செலோடேப் துண்டு ஒட்டிவிட்டுத் துளை போட்டால் எலாஸ்டிக் இழுக்கும்போது கிழியாது.

இன்னொன்று பெயரும் படமும். தட்டையான சார்ட்டில் நேர்வரியாக மகளின் பெயரை எழுதிவிட்டுச் சுருட்டினால் நடு எழுத்து மேலேறி, ஓர எழுத்துகள் கீழே வழிந்த மாதிரி தெரியும். அந்த அட்டைப் பட்டையில் குண்டூசியிலிருந்து 15 செ.மீ.யில் இன்னொரு துளை போட்டு மெல்லிய வளைவு ஒன்று வரைந்துகொள்ளுங்கள். அதன்மேல் எழுதினால் தொப்பியில் வரி கிடைமட்டமாக நிற்கும். தொப்பியின் நெற்றி என்பது விசிறியின் சரிநடு, அதாவது விளிம்பில் 22 செ.மீ. வரும் இடம். படத்தின் தலை எப்போதும் கூர்முனையைப் பார்த்து இருக்கட்டும்.

இனிச் சுருட்டலாம். பாயைச் சுருட்டுகிற மாதிரி உருளையாகச் சுருட்டினால் நடுவில் மடிப்பு விழும். கூர்முனையை ஒரு கையின் இரண்டு விரல்களில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் விளிம்பை மட்டும் உள்ளே உள்ளே கொண்டுவந்து, தேவையைவிட இறுக்கமாக இரண்டு மூன்று முறை சுருட்டி விடுங்கள். சார்ட் பழகிவிடும், பிறகு ஒட்டும்போது எதிர்த்து விரியாது. பெவிகால் தடவினால் காயும் வரை துணிக் கிளிப் போட்டு வைக்க வேண்டும். 12 தொப்பிக்கு அவ்வளவு பொறுமை இல்லையென்றால் டபுள் சைடு டேப் நல்லது. ஸ்டேப்ளர் அடித்தால் பின்னின் மடங்கிய கால்கள் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்தால் குழந்தையின் முடியில் சிக்கும்.

முதல் தொப்பியை ஒட்டியதும் மற்றவற்றை வெட்டுவதை நிறுத்திவிட்டு, அதை மேசையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைவு ஒரே புள்ளியை மையமாக வைத்து விழவில்லை, ஊசி இடம் மாறியிருக்கும். அடிவிட்டம் 14-க்குப் பதில் 13.5 போல வந்தால் ஒட்டும் பட்டை விசிறிக்குள் புகுந்துவிட்டது. விட்டம் சரி, உயரம் மட்டும் 18.7 என்றால் அட்டைப் பட்டையில் 21.2-க்குப் பதில் 20-இல் துளை போட்டிருக்கிறீர்கள்.

குழந்தையின் தலையிலும் ஒருமுறை வைத்துவிடுங்கள். ஐந்து வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு 50 செ.மீ. அளவில் இருக்கும், உங்கள் தொப்பியின் வாய் 44. அதனால் அது நெற்றியை மூடாமல் உச்சந்தலையில் நிற்கும், எலாஸ்டிக் தாடையில் பிடித்துக்கொள்ளும். இந்த வகைத் தொப்பி அப்படி நிற்பதுதான் அழகு. புருவம் வரை இறங்க வேண்டும் என்றால் அடி ஆரத்தை 8-ஆக எடுங்கள். சாயுயரம் 21.5, கோணம் 134 என்று மாறும். அப்போது விசிறியின் அகலம் 36.5-ஐ நெருங்கிவிடும், பக்கம் பக்கமாக இரண்டு கொள்ளாது, சார்ட்டுக்கு மூன்றுதான்.

ஒருநாள் தொப்பி ரொம்ப அகலமாகவும் தாழ்வாகவும் வேண்டுமென்றாலும், வியட்நாமிய நடவுத் தொப்பி மாதிரி, இதே கணக்குதான். ஆரம் 18, உயரம் 8 என்றால் சாயுயரம் 19.7, கோணம் 329. அங்கே முழுவட்டத்தை வெட்டிவிட்டு, 31 டிகிரித் துண்டை எடுத்துவிட்டு மூடுவது சுலபம். ஒட்டும் பட்டையை மட்டும் அந்த 31-க்குள் விட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் ஏற்கனவே வெட்டிய 20 செ.மீ. அரைவட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள். அதில் 126 டிகிரி அளந்து, ஒன்றரை செ.மீ. பட்டையும் விட்டு வெட்டினால் அடி ஆரம் சரியாக 7 வரும், உயரம் மட்டும் 18.7. மற்ற 12-க்குப் பக்கத்தில் ஒரு விரல் கட்டை குட்டையாக நிற்கும். விருந்துக்கு வரும் தம்பியோ தங்கையோ யாராவது இருந்தால் அவர்களுக்கு அது சரியாக இருக்கும்.